கோத்தகிரியில ஒமேகாடி வச்சு கையேடு மொழிபெயர்த்த அனுபவம்

கோத்தகிரி பக்கம் சின்ன தேயிலை விவசாயிங்க இலைக் கணக்கை லிப்ரேஆபிஸ் கால்க்ல எழுதுறதுக்கு ஒரு கையேடு வச்சிருக்கோம், அதை ரொம்ப நாளா ஒமேகாடிங்கிற மொழிபெயர்ப்பு மென்பொருள்லதான் தமிழாக்கிட்டு வர்றேன். இலவசம், நெட் இல்லாமலே ஓடும், ஐப்பசி மழையில லைன் போனாலும் லேப்டாப்ல சார்ஜ் இருக்கிற வரைக்கும் வேலை நிக்காது.

எனக்கு ரொம்ப உதவுறது குளாஸரிங்கிற சொல் பட்டியல்தான். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள இருக்கிற glossary ஃபோல்டர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல், டேப் விட்டு விட்டு மூணு நெடுவரிசை, அவ்ளோதான்:

```
Save	சேமி	பட்டன்
Cancel	ரத்து	பட்டன்
```

அந்த வார்த்தை வர்ற வரியைத் திறந்ததும் பக்கத்துல தமிழ்ப் பேர் வந்து நிக்கும். ஆனா தானா உள்ள போடாது, நாமதான் போடணும். ரெண்டாவது நெடுவரிசையில நமக்குப் பிடிச்ச சொல்லை எழுதாதீங்க, லிப்ரேஆபிஸ்ல தமிழ் இடைமுகத்தை ஆன் பண்ணி திரையில என்ன இருக்கோ அதை எழுத்து மாறாம எழுதுங்க.

அடுத்தது வேற்றுமை உருபு. எங்க கைக்கு வந்த பழைய கையேட்டுல "ரத்தை அழுத்தவும்"னு இருந்துச்சு. இலக்கணப்படி சரிதான், ஆனா அதைப் படிச்ச ஒரு பெரியவர் "தம்பி, ரத்தைனு ஒண்ணும் காணோமே"னு கேட்டார், திரையில இருக்கிறது "ரத்து" ஆச்சே. அதோட பின்னாடி பேரை மாத்தணும்னு "ரத்து"னு தேடினா அந்த வரி சிக்கவும் சிக்காது, கடைசி எழுத்தே மாறிடுச்சுல்ல. அதனால இப்ப எல்லா இடத்துலயும் உருபை "பட்டன்" மேலதான் ஏத்துறோம்: "'ரத்து' பட்டனை அழுத்தவும்", "'சேமி' பட்டனுக்குப் பக்கத்தில்". பேர் மேற்கோளுக்குள்ள அப்படியே இருக்கும், தேடினாலும் ஒண்ணு விடாம கிடைக்கும். கொஞ்சம் நீளமா இருக்கும், பரவால்ல.

ஒமேகாடி கைவிடுற இடம் ஸ்க்ரீன்ஷாட். படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை அது தொடவே தொடாது, ஆங்கிலப் படம் அப்படியே தமிழ் ஃபைலுக்கு வந்துடும். தமிழ் இடைமுகத்துல புதுசா படம் எடுத்துத்தான் ஆகணும், இதுக்குக் குறுக்கு வழி இல்ல. அம்புக்குறி பக்கத்துல விளக்கம் எழுதினா தமிழ் நீளமாகி பக்கத்துப் பட்டனை மறைக்குது, அதனால படத்து மேல வட்டத்துக்குள்ள 1, 2, 3னு நம்பர் மட்டும் போட்டு விளக்கத்தைப் படத்துக்குக் கீழ சாதா வரியா வைக்கிறோம். அப்ப அந்த வரிகளும் ஒமேகாடிக்குள்ள வந்துடுது, குளாஸரியும் அங்க வேலை செய்யுது.

புது வெர்ஷன்ல நடுவுல ஒரு பட்டன் கூடினா பழைய நம்பரை நகர்த்தாதீங்க. 1லேர்ந்து 4 வரை இருந்தா புதுசுக்கு 5 குடுங்க, படத்துல வரிசை கலைஞ்சு தெரிஞ்சாலும் சரி. "படத்தில் 3"னு வேற பக்கத்துல எழுதின வரியெல்லாம் அப்பதான் தப்பாகாம இருக்கும்.