அறிக்கையை மாற்றி அடுக்கிய பிறகு கமிட்டிக்குக் குறிப்பு: அட்டவணையா, காரணமா?

தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீரில் உள்ள ஃப்ளூரைடு பற்றிய என் ஆறு மாத அறிக்கையை இந்த முறை முழுக்க மாற்றி அடுக்கினேன். முன்பு மாதிரி எடுத்த பருவப்படி இருந்தது, இப்போது ஆய்வுக் கேள்விப்படி இருக்கிறது. அதோடு டாக்டரல் கமிட்டிக்கு வைக்கும் ஒரு பக்கக் குறிப்பை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலில் சுலபமான வழி, இரண்டு LaTeX பிரதிகளின் வித்தியாசத்தை வண்ணத்தில் காட்டும் latexdiff:

```
latexdiff old.tex new.tex > diff.tex
```

வாக்கியத் திருத்தங்களுக்கு இது அருமை. ஆனால் இடம் மாறிய பத்தியை ஓரிடத்தில் நீக்கியதாகவும் இன்னோரிடத்தில் புதிதாகச் சேர்த்ததாகவும் காட்டியது. சொல் மாறாத பக்கம்கூட முழுதாக வண்ணத்தில் வந்தது. இதை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது அட்டவணை: பழைய பகுதி 3.4 எங்கே போனது, புதிய பகுதி 3.2 எங்கிருந்து வந்தது என்று. உறுப்பினர்கள் போன கூட்டத்துப் பிரதியில் "4.1 தெளிவில்லை" என்று குறித்து வைத்திருப்பார்கள். எண்கள் மாறிவிட்டதால் அட்டவணை இல்லாமல் அவர்களால் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் ஏன் நகர்த்தினேன் என்பதை அது சொல்லாது.

அதற்குக் காரணக் குறிப்புதான் வேண்டும். நான் எழுதியது இது: "கால்சியம் முடிவுகள் 3.4-இல் பொது நீர்த்தரத்தோடும், ஃப்ளூரைடு முடிவுகள் 4.1-இலும் இருந்தன. இரண்டும் இப்போது 3.2-இல். கால்சியம் குறைந்த கிணறுகளில்தான் ஃப்ளூரைடு கூடுதல். கால்சியம் கால்சைட்டாகப் படிந்து குறையும்போது ஃப்ளூரைட் தாது மேலும் கரைய இடம் கிடைக்கிறது என்பதே எங்கள் விளக்கம். தனித்தனியாக இருந்தபோது இந்தத் தொடர்பு தெரியவில்லை." கமிட்டி விவாதிக்க வேண்டிய விஷயமே இதுதான். அட்டவணையின் ஒரு வரிக்குள் இது அடங்காது.

ஆனால் காரணக் குறிப்பில் ஓர் ஆபத்து உண்டு. என் முதல் வரைவில் "நான்கு மாதிரிகள் பிற்சேர்க்கைக்கு மாற்றப்பட்டன" என்று எழுதியிருந்தேன். உண்மையில் அவற்றின் அயனிச் சமநிலைப் பிழை, அதாவது நேர், எதிர் அயனிகளின் மின்சுமை வேறுபாடு, 5 சதவீதத்தைத் தாண்டியதால் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஃப்ளூரைடின் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய மாதிரிகள் முன்பு 60-இல் 23, இப்போது 56-இல் 21. முடிவே மாறுகிறது! அதை "இடமாற்றம்" என்று எழுதுவது தவறு. யாராவது பழைய பிரதியோடு ஒப்பிட்டால், மற்ற நகர்த்தல்களையும் சந்தேகப்படுவார்கள், அது நியாயம்தான்.

அதனால் கடைசியில் அனுப்பியது இப்படி: முதல் பத்தியில் அந்த நான்கு மாதிரிகளும் மாறிய எண்ணிக்கையும். அப்புறம் கால்சியம் நகர்த்தலின் காரணம். கீழே சின்ன அட்டவணை, ஒவ்வொரு வரியிலும் "இடம் மட்டும்" அல்லது "உள்ளடக்கமும்" என்ற குறிப்போடு. வடிவமைப்பு மாற்றங்களைச் சொல்லவில்லை.