குறை எண்ணின் மீதி: ஒருமுறை கூட்டுவதா, இருமுறை வகுப்பதா?

வார அட்டவணை நிரல் ஒன்றைப் பைத்தானிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றியபோது இந்தத் தேர்வு எனக்கு வந்தது. ஞாயிறு 0, சனி 6. இன்று செவ்வாய் என்றால் 2. பத்து நாளுக்கு முன் என்ன கிழமை? `(2 - 10) % 7` என்பதற்குப் பைத்தான் 6 என்கிறது, சனி, சரி. ஜாவாஸ்கிரிப்ட் -1 என்கிறது.

-8-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ -1.14. பைத்தானும் ரூபியும் ஈவைக் கீழே இறக்கி -2 ஆக்குகின்றன, மீதி 6. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட், C99 தரம் முதல் சி ஆகியவை பின்னத்தை வெட்டி -1 ஆக்குகின்றன, மீதி -1. அந்த -1-ஐச் சுட்டெண்ணாகக் கொடுத்தால் ஜாவா பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் `undefined` தந்துவிட்டு மேலே போய்விடும்.

இதைச் சரிசெய்ய வழக்கத்தில் உள்ளவை இரண்டு. `i` இன்றைய கிழமையின் எண், `k` எத்தனை நாள் பின்னே போகிறோம் என்பது, `n` மொத்தக் கிழமைகள், அதாவது 7:

```
(i - k + n) % n
((i - k) % n + n) % n
```

முதலாவது சிறியது. "முந்தைய நாள்" பொத்தானுக்கு அது போதும். ஆனால் `k` என்பது `n`-ஐத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறது. நாளைக்கு யாராவது அதே வரியில் 10 கொடுத்தால், செவ்வாயன்று 2 - 10 + 7 மறுபடியும் -1. புதனன்று சோதித்தாலோ 0, ஞாயிறு என்று சரியான விடை வரும். புதன் முதல் சனி வரை ஒழுங்காக ஓடி, ஞாயிறு, திங்கள், செவ்வாயில் மட்டும் தவறும் நிரலில் பிழையைத் தேடுவது பெரும்பாடு. இந்த ஒன்றுக்காகவே இரண்டாவதைத் தேர்ந்தேன். முதல் வகுத்தலிலேயே மதிப்பு -6-க்கும் 6-க்கும் இடையில் அடங்கிவிடுவதால், `k` எவ்வளவு பெரிதானாலும் ஒரு 7 கூட்டினால் போதும். `mod` என்ற சிறு ஃபங்ஷனில் ஒருமுறை எழுதி வைத்து, எல்லா இடத்திலும் அதையே அழைக்கிறேன்.

ஜாவா 8 முதல் `Math.floorMod` இருக்கிறது, ரஸ்ட்டில் `rem_euclid` இருக்கிறது. அங்கே இவற்றையே பயன்படுத்துங்கள். கூடுதல் வகுத்தலால் என் அட்டவணையில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கில் சுழலும் ஒலிச் செயலாக்கம் போன்றவற்றுக்கு என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல மாட்டேன்.

சி மொழியில் மட்டும் இரண்டாவது வழியும் ஓர் இடத்தில் கைவிடும். `n` என்பது `unsigned` ஆக இருந்தால், வகுப்பதற்கு முன்பே -1 என்பது 4294967295 ஆக மாறிவிடுகிறது (32 பிட் எண்ணில்). அதை 7-ஆல் வகுத்தால் மீதி 3. சனி வரவேண்டிய இடத்தில் புதன் வந்து நிற்கும். எல்லைக்குள் இருப்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. 8 போன்ற இரண்டின் அடுக்காக `n` இருந்தால் விடை தற்செயலாகச் சரியாகிவிடும் என்பதால், 7 அல்லது 10 வைத்துச் சோதியுங்கள். `n`-ஐ முதலில் `int` ஆக மாற்றிக்கொண்டு வகுத்தால் 6 வரும்.