வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை இரவு: மசக்கை என்று நினைத்த வலி

இலண்டனிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் கொழும்புக்குப் போய் வந்தேன். விமான நிலையத்தையும் காலி வீதி நெரிசலையும் வெள்ளவத்தைக் கடைகளையும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஆகவே, அந்த மூன்று கிழமையில் என் பெறாமகளுக்கு நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நான் போய் இறங்கியபோது அவள் முழுகாமல் இருந்தாள். திருமணமாகி இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த செய்தி என்பதால் வீடே மகிழ்ச்சியில் இருந்தது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஆறு கிழமையும் இரண்டு நாளும். காலையில் எழுந்தவுடன் ஓங்காளம், தாளிக்கும் மணம் பட்டால் சத்தி. அம்மா இஞ்சித் தேநீரும் மல்லித்தண்ணீருமாக ஓடித் திரிந்தார். வியாழக்கிழமை காலை அடிவயிற்றின் இடப்பக்கம் குத்துகிறது என்றும், உள்ளாடையில் கொஞ்சம் மண்ணிறக் கசிவு பட்டிருக்கிறது என்றும் அவள் தன் தாயிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். சத்தி எடுத்து எடுத்து வயிறு நொந்திருக்கும், வாய்வும் சேர்ந்திருக்கும் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று மாலை ஏற்கெனவே சனல் பண்ணியிருந்த ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனோம். எங்கள் இலக்கம் 41. நான் இலங்கையில் இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, ஆறு மணிக்கு வருவார் என்ற வைத்தியர் ஏழரைக்கு வந்தார். உள்ளே இருந்தது நான்கு நிமிடம். வயிற்றின் மேல் கருவியை வைத்து ஸ்கான் செய்துவிட்டு, "இன்னும் சின்னது, தெரியவில்லை, இரண்டு கிழமை கழித்து வாருங்கள்" என்று கூறி, சத்திக்குக் குளிசை எழுதித் தந்தார். வலி இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. வெளியே எழுபது பேர் காத்திருக்கும்போது அவளுக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நான்கு நிமிடத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆறு கிழமையில் வயிற்றின் மேலாகப் பார்க்கும் ஸ்கானில் கரு தெரியாமல் போவது புதுமையல்ல. பிறப்புவழியாகச் செய்யும் ஸ்கானில்தான் அந்தப் பருவத்தில் கருப்பையும் அதன் பக்கங்களும் தெளிவாகத் தெரியும். கர்ப்பச் சோதனை இரண்டு கோடு காட்டியிருக்கிறது, கருப்பை வெறுமையாக இருக்கிறது, ஒரு பக்கம் வலி, கசிவு: இவை ஒன்றாக வந்தால் கரு கருப்பைக்கு வெளியே, சூலகத்திலிருந்து கருப்பைக்கு வரும் பலோப்பியன் குழாயில் தங்கியிருக்கலாம் என்று முதலில் ஐயப்பட வேண்டும். அன்றே பிறப்புவழி ஸ்கானும் இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி என்ற கர்ப்ப ஹோர்மோனின் அளவும் பார்த்து, 48 மணித்தியாலம் கழித்து அதே அளவை மறுபடி பார்த்திருக்க வேண்டும். கருப்பையில் நலமாக வளரும் கருவில் அந்த அளவு இரண்டு நாளில் பெரும்பாலும் அரைப்பங்குக்கு மேல் கூடும். குழாயில் சிக்கிய கருவில் அது மந்தமாக ஏறும், அல்லது ஏறாமல் நிற்கும். இரண்டு கிழமை என்பது குழாய் வெடிப்பதற்குப் போதுமான காலம்.

எங்கள் வீட்டார் எல்லோரையும் ஏமாற்றியது அந்தச் சத்திதான். இவ்வளவு ஓங்காளம் இருந்தால் பிள்ளை நன்றாகப் பிடித்திருக்கிறது என்பது அம்மாவின் நம்பிக்கை. மசக்கைக்கு அந்த ஹோர்மோனுடன் தொடர்பு இருக்கிறது, அதைச் சுரப்பது கருவைச் சூழ்ந்த திசு. அது கருப்பையில் இருந்தாலும் குழாயில் இருந்தாலும் சுரக்கும், கர்ப்பச் சோதனையும் அதே ஹோர்மோனைத்தான் காட்டும். ஆகவே சத்தியோ இரண்டு கோடோ கரு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. சத்தியினால் வரும் நோவு பெரும்பாலும் மேல்வயிற்றிலும் விலா ஓரங்களிலும் இரு பக்கமாக இருக்கும், சத்தி நின்றால் அடங்கும். அடிவயிற்றின் ஒரே இடத்தில், சத்தி எடுக்காத வேளையிலும் நிற்கும் குத்து வேறு.

ஒரு பக்க வலி எல்லாம் குழாய்க் கரு என்று நான் பயமுறுத்த வரவில்லை. முட்டை வெளியேறிய சூலகத்திலேயே சில கிழமைகளுக்கு மெல்லிய நோவு இருப்பதுண்டு. தொடக்க மாதங்களில் சிறு கசிவு கண்ட பலர் நலமாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஆனால் எது எது என்பதை ஸ்கானும் இரத்தப் பரிசோதனையுமே பிரித்துக் காட்டும், ஓமத்தண்ணீர் காட்டாது.

சனிக்கிழமை இரவு பத்தரை மணியளவில் அவள் படுத்தவுடன் எழுந்து, "பெரியம்மா, தோள் நோகுது" என்றாள். இடத் தோளின் நுனி. எந்தப் பக்கம் புரண்டாலும் போகவில்லை. அந்தச் சொல் என்னை உலுக்கியது. 2009இல் இலண்டனில் நான் முழுகாமல் இருந்தபோது, ஒரு சிறு கசிவுக்காக ஆரம்பக் கர்ப்பப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்தத் தாதி கேட்ட இரண்டாவது கேள்வி, தோள் நுனியில் நோவு இருக்கிறதா என்பது. வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டபோது அவர் விளக்கினார்: உள்ளே கசியும் இரத்தம் மேலேறி உதரவிதானத்தை உறுத்தினால், அதன் நரம்பு தோளுக்கும் பொதுவானது என்பதால் நோவு தோளில் தெரியும், படுக்கும்போது கூடும். "மலம் கழிக்க வேண்டும் போல இருக்கிறதா?" என்று இவளைக் கேட்டேன். மாலையிலிருந்தே அப்படி இருக்கிறது என்றாள். எழுந்து நின்றபோது கண் இருண்டு என் மேல் சாய்ந்தாள்.

தம்பி ஓட்டோ பிடிக்க ஓடினான். நான் வேண்டாம் என்று 1990க்கு அழைத்தேன். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை நான் ஊரைவிட்டுப் போன காலத்தில் இருக்கவில்லை. கால் மணித்தியாலத்துக்குள் வந்தார்கள். இரத்த அழுத்தம் 90க்குக் கீழே, நாடித்துடிப்பு 118. வந்த பிள்ளை சிங்களத்திலும் உடைந்த தமிழிலுமாக எங்களைத் தேற்றியபடியே அவள் கையில் சேலைன் ஏற்றினார். இலண்டனில் இதைவிடக் கூடுதலாகக் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

அரச வைத்தியசாலையில் சுவர்ப் பூச்சு உரிந்திருந்தது, இருக்க ஒரு கதிரை கிடைக்கவில்லை. ஆனால் அங்கிருந்த இளம் வைத்தியர் அவளைக் கண்டவுடன் கேட்டவை நான்கே கேள்விகள்: கடைசி மாதவிடாய் எப்போது, வலி எந்தப் பக்கம், தோள் நோகிறதா, மயக்கம் வந்ததா. ஸ்கானில் கருப்பை வெறுமை, இடப்பக்கம் ஒரு கட்டி, வயிற்றுக்குள் இரத்தம். நாங்கள் பத்திரங்களில் கையெழுத்து வைத்து முடிப்பதற்குள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு எடுத்துவிட்டார்கள். வெடித்த இடக் குழாயை அகற்றினார்கள், இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். வலக் குழாய் நலமாக இருக்கிறது என்றார்கள். குழாய் வெடிக்கும் முன், ஹோர்மோன் அளவும் கட்டியும் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்திருந்தால் சிலருக்கு மெதொட்ரெக்சேட் ஊசியோடு முடிக்க முடியும் என்று அந்த வைத்தியர் பிறகு சொன்னபோது, வியாழக்கிழமையின் இலக்கம் 41 மறுபடி என் கண்முன் வந்தது.

துண்டு வெட்டும்போது, அடுத்த முறை இரண்டு கோடு கண்டவுடன் ஆறு கிழமையில் பிறப்புவழி ஸ்கானுக்கு வரவேண்டும், ஒருமுறை இப்படி வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று என்று எழுதிக் கையில் தந்தார்கள். ஹோர்மோன் உடலைவிட்டு ஒரேயடியாகப் போவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் காலையில் அவளுக்கு ஓங்காளம் இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் இஞ்சித் தேநீர் வைத்துக் கொடுத்தார்.