அதிகாரக் கட்டமா, மூன்று கேள்வி முறையா?

மருத்துவமனை ஒன்றில் பில்லிங் மென்பொருளை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எந்தத் தகவல் போக வேண்டும் என்று முதல் வாரமே முடிவாக வேண்டும்.

பலரும் போடுவது, ஒவ்வொருவரின் அதிகாரத்தையும் ஆர்வத்தையும் அதிகம், குறைவு என்று பிரிக்கும் நான்கு கட்டப் படம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இயக்குநருக்கு அதிகாரம் அதிகம், ஆர்வம் குறைவு; மாதம் ஒரு பக்கச் சுருக்கம் போதும். இரவு ஷிப்ட் பில்லிங் ஊழியருக்கு ஆர்வம் உண்டு, அதிகாரம் இல்லை. அவருக்கு வாராந்திர மின்னஞ்சல். இங்கேதான் இடிக்கிறது. மாற்றும் நாளின் இரவில் டிஸ்சார்ஜ் பில் நின்றால், கவுன்டரில் பதில் சொல்லப்போவது அவர்தான்.

1997-இல் மிட்செல், ஏகிள், வுட் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் முன்வைத்த மூன்று கேள்வி முறை, அதிகாரத்தோடு நியாயமான உரிமை, அவசரம் இரண்டையும் கேட்கிறது. அந்த ஊழியருக்குப் பின்னவை இரண்டும் உண்டு, அதிகாரம் மட்டும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு மின்னஞ்சல் போதாது. அவருக்காகப் பேச அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும். ஆகவே நிதி மேலாளரோடு அவரையும் சோதனை ஓட்டத்தில் உட்கார வைக்கலாம், மாற்றும் இரவில் உடனே எடுக்கும் தொலைபேசி எண் ஒன்றையும் கொடுக்கலாம்.

இதற்கு நேரம் பிடிக்கும்; நேரில் பேசாமல் அவசரத்தை ஊகிக்க முடியாது. சிறிய வேலை என்றால் கட்டமே போதும். ஆனால் கவுன்டரைத் தொடும் மாற்றத்துக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.