70° கோணத்தை இரண்டாக்க: பாகைமானியா, கவராயமா?

பாகைமானியில் வேலை சீக்கிரம் முடியும். 70° என்று படித்து, 35°-இல் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் போதும். ஆனால் ஒரு முறை படிப்பது, ஒரு முறை குறிப்பது என்று தவறுக்கு இரண்டு இடம். 5 செ.மீ. ஆரமுள்ள பாகைமானியின் மையம் உச்சியிலிருந்து 1 மி.மீ. விலகினாலே பிழை ஒரு பாகையைத் தொட்டுவிடலாம்.

கவராயத்துக்குக் கோணத்தின் அளவே தேவையில்லை. உச்சி B-இல் ஊசியை ஊன்றி ஒரு வில் வரைந்தால் அது இரு கதிர்களையும் P, Q-இல் வெட்டும். அப்புறம் P-யிலிருந்தும் Q-விலிருந்தும் ஒரே ஆரத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு விற்கள். அவை வெட்டும் D-ஐ B-யோடு சேர்த்தால் இருசமவெட்டி தயார்.

ஆனால் கவராயம் என்றாலே துல்லியம் என்று நம்பிவிடக் கூடாது. பலரும் முதல் வில்லை 2 செ.மீ., அடுத்த விற்களை 1.5 செ.மீ. என்று உச்சிக்குப் பக்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள். D அப்போது B-யிலிருந்து சுமார் 2.6 செ.மீ. தள்ளித்தான் விழும். கவராயத்தின் திருகு தளர்ந்து, P-யிலிருந்து வில் வரைந்தபின் Q-விலிருந்து வரைவதற்குள் அதன் கால்கள் அரை மி.மீ. விரிந்துவிட்டன என்று வையுங்கள். கோடு 0.7° சாய்ந்துவிடும். பாகைமானியைவிடப் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை!

அதே கோணத்துக்கு முதல் வில் 6 செ.மீ., அடுத்தவை 5 செ.மீ. என்று எடுத்தால் D சுமார் 8.5 செ.மீ. தள்ளி விழுகிறது. விற்களும் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டுவதால் புள்ளி தெளிவாகத் தெரியும். அதே அரை மி.மீ. நழுவல் இப்போது 0.25° சாய்வைத்தான் தரும். தாளில் இடம் இருக்கும்வரை பெரிய வில்தான் என் தேர்வு.

சரிபார்க்கவும் கவராயமே போதும். இருசமவெட்டி முதல் வில்லை வெட்டும் இடத்தில் ஊசியை வைத்து P வரை விரியுங்கள். மறுபக்கம் பென்சில் முனை Q-வில் சரியாக விழ வேண்டும்.

செங்குத்துக்கோட்டில் என் தீர்ப்பு கொஞ்சம் மாறும். நல்ல மூலைமட்டம் இருந்தால் அன்றாட வரைதலுக்கு அதுவே போதும். ஒரு கோடு இழுத்து, மட்டத்தைப் புரட்டிப்போட்டு அதே புள்ளியிலிருந்து மறுபடி இழுங்கள். இரண்டும் பிரிந்தால், அந்த இடைவெளியில் பாதிதான் மட்டத்தின் கோளாறு.

கவராயத்தில் வழக்கமான முறை, புள்ளிக்கு இருபுறமும் சம தூரம் வெட்டிக்கொள்வது. புள்ளி A கோட்டின் நுனியிலேயே இருந்து, கோட்டை நீட்டவும் இடமில்லை என்றால் அது கைகொடுக்காது. அங்கே வட்டம் வரையும் முறைதான் சரி. கோட்டுக்கு மேலே, A-க்கு நேர் மேலே இல்லாமல் கோட்டின் பக்கமாக ஒரு புள்ளி O எடுத்து, அதை மையமாக வைத்து A வழியாக வட்டம் வரையுங்கள். வட்டம் கோட்டை மறுபடி வெட்டும் இடம் C. C-யிலிருந்து O வழியாகக் கோட்டை நீட்டினால் அது வட்டத்தை எதிர்ப்புறம் E-யில் தொடும். CE விட்டம் ஆகிவிட்டதால் A-யில் அமைவது அரைவட்டக் கோணம். எனவே AE செங்குத்து. A-யும் C-யும் மிக நெருங்கிவிடாதபடி O-வைத் தேர்ந்தெடுங்கள். நெருங்கினால் C எங்கே என்பதே மங்கிவிடும்.