16 ஜிபி போனும் இரண்டு மெமரி கார்டும்: மூன்று வருட அனுபவம்

பெட்டியில் 16 ஜிபி என்று போட்டிருந்தது. செட்டிங்ஸில் பார்த்தால் சிஸ்டமே 10 ஜிபியை எடுத்துக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பும் நாலைந்து ஆப்களும் போட்டதும் இரண்டே மாதத்தில் 'இடம் இல்லை' என்று போன் புலம்ப ஆரம்பித்துவிட்டது.

சரி என்று 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றைச் செருகினேன். வெறும் கார்டாக வைத்துக்கொள்ளவா, போனின் உள் நினைவகத்தோடு சேர்த்துவிடவா என்று போன் கேட்டது. ஆண்ட்ராய்டு 6 முதல் வந்த வசதி இது. எல்லா போனிலும் இருக்காது. எனக்கு இடம்தானே பஞ்சம், சேர்த்துவிட்டேன்.

முதலில் வேகம் போனது. சாதாரண கார்டு படம், வீடியோ போன்ற பெரிய கோப்புகளை வரிசையாக எழுதத்தான் லாயக்கு. ஆப்களோ துண்டு துண்டாக ஓயாமல் படிக்கும், எழுதும். ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் பாதி ஆப்களின் ஐகான் மங்கிக் கிடந்தது. கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் 'ஃபார்மட் செய்யவா?' என்கிறது. சேர்க்கும்போதே போன் கார்டு முழுவதையும் பூட்டிவிடுகிறது. சாவி அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும். கார்டு கெட்டதும் படங்கள் எல்லாம் போச்சு. கார்டு நன்றாக இருந்து, போனை ரீசெட் செய்திருந்தாலும் இதே கதிதான்.

இரண்டாவது கார்டை வெறும் கார்டாகவே வைத்திருக்கிறேன். போடும் முன் கம்ப்யூட்டரில் H2testw ஓடவிட்டு, சொன்ன அளவு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தேன். போலிக் கார்டு முழு அளவைக் காட்டும். ஆனால் உள்ளே இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் பாழ். கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்றினேன். பாட்டும் அங்கேதான். ஆப்கள் போனிலேயே.

வாட்ஸ்அப்தான் தலைவலி. அதன் படங்கள் போனுக்குள் இந்த ஃபோல்டரில்தான் சேரும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்தினேன். மாதம் ஒருமுறை வேண்டியதைக் கார்டுக்கு நகலெடுத்து, அங்கே திறந்து பார்த்த பிறகே போனில் அழிக்கிறேன். 'மூவ்' கொடுப்பதில்லை, நடுவில் அறுந்தால் இரண்டும் கெட்டானாகிவிடும். அழித்த படம் அதன்பின் சாட்டில் திறக்காது, அது போகட்டும். அப்டேட் தடங்காமல் இருக்க போனில் ஒன்றரை ஜிபியாவது காலியாக விடுகிறேன்.

போன மாதம் கார்டில் அழித்த ஒரு வீடியோ, போனை அணைத்துப் போட்டதும் திரும்ப வந்து நின்றது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. கார்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டு, படிக்க மட்டும் விடுகிறது என்று அர்த்தம். ஃபார்மட் செய்தாலும் சரியாகாது. அன்றே எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். இந்த முறை ஒரு படம்கூடப் போகவில்லை. மூன்றாவது கார்டில் இப்போது H2testw ஓடிக்கொண்டிருக்கிறது.