முற்பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று கடிதம் வந்தால், கழிவுகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

மலையகத்தில் வீடு கட்டுகிறவர்கள் கதவு நிலை, ஜன்னல் நிலைகளுக்கு மர வேலைத்தலங்களில் பாதிப் பணம் முன்கூட்டியே கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டிய 2,10,000 ரூபாயில் வெறும் 12,830 ரூபாய் காசோலையாகத் திரும்பி வந்தது எங்கள் வீட்டில். அதனுடன் மிக மரியாதையான ஒரு கடிதமும் வந்தது. கடிதத்தைப் பார்த்தால் நியாயமான கணக்கு போலத்தான் இருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். வேலைத்தலத்தின் பெயரை இங்கே போடவில்லை, ஹட்டன் பக்கம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஓடர் என் தங்கையுடையது. டிக்கோயாப் பக்கத்தில் அவளுக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியில் வீடு கட்டுவதாக இருந்தது. மூன்று கதவு நிலைகள், நான்கு ஜன்னல் நிலைகள், அவற்றுக்கான கதவுகள், எல்லாம் மஹோகனியில். மொத்தம் 4,20,000 ரூபாய், அதில் பாதி முற்பணம். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வந்துவிட்டது. அந்தச் சரிவில் கட்ட அனுமதி இல்லை. அன்று மாலையே தங்கை ஓடரை இரத்துச் செய்வதாக வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள். அந்தச் செய்திக்கு முதலாளி "சரி" என்று பதில் போட்டிருந்தார். இந்த ஒற்றைச் சொல்லும் அதன் தேதியும் பிறகு எங்களுக்குப் பெரிதும் உதவின.

இரத்துச் செய்தது நாங்கள். எனவே அதுவரை நடந்த வேலைக்கு அவர் பணம் பிடிப்பதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. மரத்தை வாங்கி அறுத்து, ஆள் வைத்து இழைத்தவர் நட்டப்பட வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. எவ்வளவு வேலை நடந்தது, அதில் எது உண்மை என்பதுதான் கேள்வி.

கடிதத்தில் இருந்த கழிவுகள் இவை. மரம் 19 கன அடி, அடிக்கு 5,500 வீதம் 1,04,500 ரூபாய். ஏழு நிலைகளை அறுத்து இழைத்த கூலி 21,000. வீட்டுக்கு வந்து அளவெடுத்த செலவு 6,000. இந்த மூன்றின் மீதும் 18 வீத வற் வரி 23,670. கடைசியாக, மொத்த ஓடரில் பத்து வீதம் "இரத்துக் கட்டணம்" 42,000. கூட்டினால் 1,97,170. அடியில் ஒரு வரி: இணைக்கப்பட்டுள்ள காசோலை இக்கொடுக்கல் வாங்கலின் முழுமையான இறுதித் தீர்வாகும்.

முதலில் மரக் கணக்கைப் பாருங்கள். மரக்காலைக்கு அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குக் கன அடி என்றாலே தலை சுற்றும். அந்தத் தலைசுற்றலில்தான் பணம் போகிறது. ஆனால் கணக்கு எளியது. நிலைக்கு எடுக்கும் மரம் 4 அங்குலத்துக்கு 3 அங்குலம். அதன் குறுக்குவெட்டு 12 சதுர அங்குலம், அதாவது ஒரு சதுர அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே அந்த மரம் 12 அடி நீளம் இருந்தால் ஒரு கன அடி. நீளத்தை மட்டும் கூட்டி 12ஆல் வகுத்தால் போதும்.

ஏழு அடிக்கு மூன்று அடி கதவு நிலைக்கு இரண்டு பக்கமும் ஏழேழு, மேலே மூன்று, ஆகப் பதினேழு அடி. மூன்று நிலைக்கு 51 அடி. நாலுக்கு நாலு ஜன்னல் நிலைக்குச் சுற்றிலும் 16 அடி, நடுக்கால் 4 அடி, ஆக இருபது. நான்குக்கு 80 அடி. மொத்தம் 131 அடி. பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 11 கன அடி. இழைப்பில் போகும் சீவலுக்கும் துண்டுகளுக்கும் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தாலும் பன்னிரண்டரைதான் வரும். ஏழு நிலைகளையும் முழுவதும் முடித்திருந்தால்கூடப் 19 கன அடி எங்கிருந்து வந்தது?

தொலைபேசியில் கேட்டேன். "சேர், கதவுப் பலகைக்கும் மரம் எடுத்து வைத்துவிட்டோம்" என்றார். எடுத்து வைத்த மரம் அறுக்காத மரம். அது அவருடைய கையிருப்பு, நாளைக்கு வேறொருவருக்கு அறுப்பார். அதை எங்கள் கணக்கில் எழுத இடமில்லை. "செய்து முடித்த வேலை" என்று கடிதத்தில் இருக்கும் இடங்களில் எல்லாம், கத்தி பட்ட மரம் எது, படாத மரம் எது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனோம். கதவு நிலைகள் மூன்றும் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜன்னல் நிலைகளில் இரண்டுதான் பூட்டப்பட்டிருந்தன, மற்ற இரண்டையும் காட்டும்படி கேட்டபோது அங்கிருந்த பாஸ் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். நான் கதவு நிலை ஒன்றைச் சற்றுச் சரித்துக் கால் பக்கத்தைப் பார்த்தேன். தச்சுப் பென்சிலால் தடிமனாக எழுதியிருந்தது: "பொகவந்தலாவை 3". மற்ற இரண்டிலும் அதே ஊர்ப் பெயர். கீழே எங்கள் பழைய குறி அரைகுறையாகச் சுரண்டப்பட்டிருந்தது.

"முதலாளி, இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"அது வேறு ஆளுக்குச் சேர், அளவு பொருந்தியது, கொடுத்துவிடலாம் என்று..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. தங்கை கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

இந்த மாதிரிக் கடிதங்களில் பெரிய ஓட்டை இதுதான். ஏழுக்கு மூன்று கதவு நிலை எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதன் மரத்துக்கும் கூலிக்கும் எங்களிடம் முழு விலை பிடித்தால் அந்த நிலை எங்களுக்குச் சொந்தம், லொறி வைத்து ஏற்றிக்கொண்டு போக எங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். இல்லை, நிலையை அவரே வைத்துக்கொள்கிறார் என்றால், வேறொருவரிடம் கிடைக்கும் விலையைக் கழிவிலிருந்து குறைக்க வேண்டும். பணமும் அவருக்கு, மரமும் அவருக்கு, பொகவந்தலாவைக்காரரின் பணமும் அவருக்கு என்பது எந்த ஊர்க் கணக்கு? எங்கள் வீட்டுக்கு மட்டும் பொருந்தும் விசித்திரமான அளவில் செய்திருந்தால் கதை வேறு. அப்போது அவருடைய நட்டத்தில் நியாயம் இருந்திருக்கும்.

வற் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம் என்பது உண்மைதான். ஆனால் அதை அறவிட, வற் வரிக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். இவருடைய விலைமனுவில் வற் என்ற எழுத்தே இல்லை, கடிதத் தாளில் பதிவிலக்கமும் இல்லை. இலக்கத்தைத் தரும்படி கேட்டேன். அந்த 23,670 ரூபாய் அங்கேயே ஆவியாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கேட்காமல் விட்டிருப்பார்களோ.

அளவெடுத்த செலவுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. விலைமனுவின் அடியில் அவரே "அளவெடுத்தல் இலவசம்" என்று அச்சடித்திருந்தார். இரத்துக் கட்டணமும் அப்படித்தான். அப்படியொரு கட்டணம் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஓடர் எடுக்கும்போதே எழுதியிருந்தால் தங்கை தெரிந்து கையெழுத்திட்டிருப்பாள். இரத்தான பிறகு கண்டுபிடித்த கட்டணத்துக்கு விலைமனுவிலும் இடமில்லை, பற்றுச்சீட்டிலும் இடமில்லை.

இனி அந்தக் காசோலை. வந்தது வரட்டும் என்று வங்கியில் போட்டுவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும், வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். போடவில்லை. "இறுதித் தீர்வு" என்று எழுதிய கடிதத்துடன் வந்த காசோலையை மாற்றினால், அந்தத் தீர்வை ஏற்றுக்கொண்டதாகப் பிறகு வாதாட வழி திறந்துவிடும். காசோலை ஆறு மாதம் செல்லும், அவசரமே இல்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இந்தத் தொகையை இறுதித் தீர்வாக ஏற்கவில்லை என்று பதிவுத் தபாலில் எழுதினோம். அதில் மரக் கணக்கையும், பென்சில் எழுத்தின் படத்தையும், வட்ஸ்அப் செய்தியின் தேதியையும், விலைமனுவின் பிரதியையும் வைத்தோம். எங்கள் கணக்குப்படி அவர் பிடிக்கக்கூடியது இரண்டு ஜன்னல் நிலைகளுக்கு மட்டும்: மரம் தாராளமாக 4 கன அடி, 22,000 ரூபாய். கூலி அவர் சொன்ன வீதத்திலேயே 6,000. அந்த 28,000 ரூபாய்க்கு நிலைகள் இரண்டையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், வேறு காணி கிடைத்தால் பயன்படும். மீதி 1,82,000 திரும்ப வேண்டும்.

தராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவோம் என்றும் எழுதினோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. இப்படிப்பட்ட சிறு பணத் தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் அங்கே போயாக வேண்டும். சட்டத்தரணி வைத்துப் பேச முடியாது, நாமே பேச வேண்டும் என்பதால் செலவும் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. அங்கே முறையிட நினைப்பவர்கள் எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். "அடுத்த வாரம் வாருங்கள்" என்று முதலாளிமார் இழுத்தடிக்கும் வாரங்களும் அந்த மூன்று மாதத்தில்தான் கழியும்.

பதிவுத் தபாலுக்குப் பலன் இருந்தது. இரண்டாவது கடிதம் வந்தது, இம்முறை 1,50,000 ரூபாய் காசோலையுடன், இறுதித் தீர்வு என்ற வரி இல்லாமல். வற் வரி இல்லை, இரத்துக் கட்டணம் இல்லை, கதவு நிலைகள் மூன்றும் காணாமல் போயிருந்தன. மரம் 4 கன அடி என்று எங்கள் கணக்கையே எழுதியிருந்தார். அதன் கீழே புதிதாக ஒரு வரி: "இதர செலவுகள் 32,000". என்ன செலவு என்று பட்டியல் கேட்டோம், தரவில்லை. 1,50,000ஐ வங்கியில் போட்டுவிட்டோம், பழைய காசோலையைத் திருப்பி அனுப்பிவிட்டோம், ஜன்னல் நிலைகள் இரண்டும் எங்கள் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கின்றன. அந்த 32,000 ரூபாய்க்கு மத்தியஸ்த சபையில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், அழைப்பு வந்ததும் தங்கையும் நானும் போகிறோம்.